பேட்டரி தீர்ந்த எமரால்ட்

பழைய கேம் வாங்கப் போகிற எல்லோரும் விற்பவரிடம் முதலில் கேட்பது "ஓடுகிறதா?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். டர்பனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாய் அட்வான்ஸுக்கான போகிமான் எமரால்ட் கேட்ரிட்ஜ் ஒன்றை 1,400 ரேண்டுக்கு வாங்கினேன். ஸ்டிக்கரில் கீறல் இல்லை. பேட்டரிகூடப் புதிது போலவே இருக்கிறது என்றார் விற்றவர். அதைக் கேட்டதுமே நான் நடையைக் கட்டியிருக்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த்தில் அக்கா வீட்டில் பெருமையாக எடுத்துக் காட்டினேன். அக்கா மகன் அதை ஓட்டிப் பார்க்கவே இல்லை. சமையலறை விளக்குக்கு நேரே பிடித்தான், "மாமா, இது போலி" என்றான்.

எமரால்டின் கூடு ஒளி ஊடுருவும் பச்சை. திருகைத் தொடாமலேயே உள்ளே இருக்கும் பலகை மங்கலாகத் தெரியும். அசலில் எழுத்து அச்சிட்ட சிறு சில்லுகளும், உலோகப் பட்டைகளால் பற்றவைத்த ஒரு நாணய பேட்டரியும் இருக்கும். என்னுடையதில் தார்ச்சொட்டு விழுந்தது போல ஒரு கறுப்புக் குமிழ். அடிப்பக்கம், தங்கநிறப் பற்களுக்கு மேலே நின்டெண்டோ என்ற பெயர் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. ஸ்டிக்கரைச் சாய்த்துப் பிடித்தால் மை இல்லாமல் அழுத்திப் பதித்த இரண்டு இலக்கங்கள் வெளிச்சத்தில் தெரிய வேண்டும். வழவழவென்று இருந்தது.

பேட்டரி விஷயம்தான் எனக்கு உறைத்தது. இது 2005இல் ஆங்கிலத்தில் வந்த கேம். அசலில் அந்த பேட்டரி கடிகாரத்துக்கு மட்டுமே. ஆட்டப் பதிவு ஃபிளாஷ் நினைவகத்தில் தனியாக இருக்கிறது. எனவே பேட்டரி செத்தாலும் பதிவு அழியாது; உள் பேட்டரி தீர்ந்துவிட்டது, ஆடலாம், நேரம் சார்ந்த நிகழ்வுகள் மட்டும் நடக்காது என்று திரை சொல்லும். போலிகள் பலவற்றில் பதிவையே பேட்டரிதான் தாங்குகிறது. பேட்டரி போனால் எல்லாம் போச்சு. யாரும் பேட்டரி மாற்றாத இருபது வருடக் கேட்ரிட்ஜ் அந்த அறிவிப்பைக் காட்டவில்லை என்றால் நான் சந்தேகப்படுவேன். மாற்றியிருந்தால் விற்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே அடையாளத்தை நம்பிவிடாதீர்கள். இப்போது வரும் சில போலிகளில் அழுத்திய எண்ணும் இருக்கிறது, சில்லுகளும் இருக்கின்றன. தொலைவிலிருந்து வாங்கினால், மூன்று முனைத் திருகைக் கழற்றிப் பலகையின் படத்தைக் கேளுங்கள். மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

விலைக்கு, விற்பவர்கள் போட்டிருக்கும் தொகையைப் பார்க்காமல், உண்மையில் விற்று முடிந்த தொகைகளைப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்துத்தான் இரண்டாவது எமரால்டை 2,200 ரேண்டுக்குப் பேசி முடித்தேன். ஸ்டிக்கரின் ஒரு மூலை கிழிந்திருந்ததால் விலை இறங்கியது. அதற்காகப் புது ஸ்டிக்கர் அச்சடித்து ஒட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. கிழிந்ததாவது அசல்.

போட்டதும் பேட்டரி தீர்ந்த அறிவிப்பு வந்தது. அதற்கு அடுத்து, முன்பு யாரோ 61 மணி நேரம் ஆடிய பதிவு. புது ஆட்டத்தைச் சேமித்தால் அது அழிந்துவிடும் என்று இன்னும் தொடங்காமல் வைத்திருக்கிறேன். "பார்க்கவா வாங்கினீர்கள் மாமா?" என்கிறான் அக்கா மகன்.