27,000 ரூபாயும் அந்தப் பிள்ளையின் பெயரும்

நேற்று இரவு எங்கட வாசிகசாலை வட்சப் குழுவில் நடந்ததைக் கன பேர் பார்த்திருப்பீங்கள். "மாசம் 600 ரூபா எண்டு சொன்ன கிளவுட் சேமிப்பிடத்துக்கு 27,000 ரூபா பில் எப்படி வந்தது? மிச்சக் காசு எங்க போனது?" எண்டு வெளிநாட்டு அண்ணை ஒருவர் கேட்டார். கணக்குப் பார்க்கிற தங்கச்சி ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லாமல் குழுவை விட்டுப் போயிட்டா. அந்தக் காசு எங்கேயும் போகேல்ல. பில்லில்தான் இருக்கு. நான் வரி வரியாகப் பார்த்தேன்.

கிளிநொச்சிப் பக்கத்துச் சனம் 2009இல் பொலித்தீன் பையில் சுத்திக் கொண்டுவந்து காப்பாற்றின கலியாணப் படங்கள், காணி உறுதிகள், வயசான ஆக்கள் கதைச்ச வீடியோக்கள், எல்லாம் சேர்த்து 500 ஜிபி. அதை ஒரு கம்பெனி இணையத்தில் வாடகைக்குக் குடுக்கிற மலிவான ஆர்க்கைவ் வகை பக்கெற்றில், அதாவது அடிக்கடி எடுக்காத பைல்களுக்கான இடத்தில், போட்டிருக்கினம். ஒரு ஜிபிக்கு மாசம் 0.004 டொலர். 500 ஜிபிக்கு 2 டொலர், அதுதான் அந்த 600 ரூபா. அந்தப் பிள்ளை சொன்னது சரி. ஆனால் அது வைச்சிருக்கிறதுக்கான விலை மட்டும். போட, எடுக்க, அழிக்க வேற வேற விலை.

முதலில் போட்டது. ஒவ்வொரு உறுதியையும் பெரிதாக்கிப் பார்க்கிற வசதிக்காக மென்பொருள் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டும். மொத்தம் 10 லட்சம் பைல். ஆயிரம் பைல் ஏற்ற 0.02 டொலர் எண்டால், ஏற்றினதுக்கு மட்டும் 20 டொலர். ஒரு பைல் ஏற்றுறது கம்பெனிக்கு ஒரு கோரிக்கை; துண்டு எவ்வளவு சின்னன் எண்டாலும் கோரிக்கை ஒண்டுதான், காசும் ஒண்டுதான். அது போன மாசப் பில், அப்ப ஒருவரும் கேட்கேல்ல.

பிறகு அண்ணைதான் சொன்னார், "எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிப்போட்டு அங்க அழியுங்கோ" எண்டு. இறக்கினவ அந்தப் பிள்ளை. எங்கட 4ஜியில் 8 ஜிபி வீடியோ பாதியில் அறுந்தால் திரும்ப முதலில் இருந்து வரும். கரண்ட் போனாலும் அப்படித்தான். அறுந்த பாதிக்கும் காசு உண்டு. அதனால் 500 ஜிபிக்குப் பதிலாக 700 ஜிபி வெளியே போயிருக்கு. முதல் 100 ஜிபி இலவசம், மிச்சம் 600க்கு 0.09 டொலர் படி 54 டொலர். ஆர்க்கைவில் இருந்து எடுக்கிறதுக்கு ஜிபிக்கு இன்னும் 0.03, அது 21. பைல் ஒவ்வொன்றையும் கேட்டதுக்கு 10.

அழிச்சதுக்கும் காசு. அழிக்கச் சொல்லும் கட்டளை இலவசம், ஆனால் இந்த வகையில் ஒரு பைல் குறைஞ்சது 90 நாள் இருக்க வேணும். ஒரு மாசத்தில் அழிச்சபடியால் மிச்ச இரண்டு மாச வாடகை 4 டொலர் ஒரேயடியாக வந்தது. அதே பைலை மேலெழுதினாலும் அப்படித்தான். அந்த மாச வாடகை 2. எல்லாம் கூட்டினால் 91 டொலர், டொலர் 300 எண்டு வைச்சால் 27,300 ரூபா. கூட்டிப் பாருங்கோ.

"விலைப்பட்டியலை வாசிச்சிருக்கலாமே" எண்டு சிலர் கேட்பீங்கள். வாசிச்சவ. பட்டியலில் பெரிசாக இருக்கிறது ஜிபி விலை. வெளியே போகிறதுக்கான விலை வேற ஒரு பக்கத்தில், 90 நாள் விஷயம் கீழே சின்ன எழுத்தில். "2024இல் பெரிய கம்பெனிகள், தங்கட சேவையை விட்டு வெளியேறுற ஆக்களுக்கு பைல்களை வெளியே எடுக்கிற கட்டணம் இல்லை எண்டு அறிவிச்சது தானே" எண்டு ஒரு தம்பி எழுதினார். உண்மை. ஆனால் முதலே எழுதிக் கேட்டு, அவங்கள் சம்மதிச்சபிறகுதான் எடுக்க வேணும். அண்ணை மூண்டு நாள் தவணை குடுத்தவர்.

வெளியே எடுக்கக் காசு வாங்காத சேவைகளும் உண்டு. அதிலும் சிலர் 90 நாள் கட்டாயம் வைக்கினம், அதையும் பார்த்துப் போட வேணும். இனி எங்கட வேலைக்கு முதலில் சாதாரண வகையில் போடுவம். ஜிபிக்கு 0.023, மாசம் பதினொண்டரை டொலர். குறைஞ்ச நாள் எண்டு ஒண்டும் இல்லை, எடுப்புக் காசும் இல்லை. வெளியே போகிற காசு அங்கேயும் இருக்கும். துண்டுகளை ஆயிரம் ஆயிரமாக ஒரு ஸிப்பில் கட்டி ஏற்றினால் 10 லட்சம் கோரிக்கை ஆயிரமாகக் குறையும். ஒரு மாசம் கழிச்சு, இனி மாற்றமில்லை எண்டு தெரிஞ்சபிறகு ஆர்க்கைவுக்கு மாத்தலாம்.

எனக்குக் கோபம் கம்பெனியில் இல்லை. வெயிலுக்குள்ள வீடு வீடாய்ப் போய், கிழவியளின்ர டிரங்குப் பெட்டியைத் திறக்கக் கெஞ்சி, ஒரு சம்பளமும் இல்லாமல் இரவிரவாக ஸ்கான் பண்ணின பிள்ளை. அவவைக் கேட்கிறதுக்கு முதல் பில்லைக் கேட்டிருக்கலாம். "கேள்வி கேட்கிறதும் தப்போ?" எண்டு வராதேங்கோ. தனியக் கேட்டிருந்தால் கேள்வி. இருநூறு பேருக்கு முன்னால கேட்டது குற்றச்சாட்டு.

பில்லின் படத்தை இண்டைக்குக் குழுவில் போடுறன். அண்ணை அதே குழுவில், அதே இருநூறு பேருக்கு முன்னால, அவவிடம் மன்னிப்புக் கேட்க வேணும்.