ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடப்பட்ட ஆரிய இரத்தம்

நம் முகநூல் விவாதங்களில் ‘ஆரியர்’ என்ற சொல்லை இரத்தத்தின் பெயராகவே பலரும் எழுதுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஐரோப்பாவில் அந்தப் பிழை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

1786-இல் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவற்றின் வினை வேர்களிலும் இலக்கண வடிவங்களிலும் காணப்படும் ஒற்றுமை தற்செயலானதாக இருக்க முடியாது என்றும், அவை மறைந்துபோன ஒரு மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். வேத மொழியினரும் பழைய ஈரானியரும் தங்களை ‘ஆர்ய’ என்று அழைத்துக்கொண்டதால், அந்த மொழிக் குடும்பம் முழுவதற்குமே அப்பெயரைச் சூட்டும் வழக்கம் வந்தது. மொழி ஒன்றென்றால் அதைப் பேசியவர்களின் இரத்தமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணியதில்தான் தவறு தொடங்கியது. அப்படி எண்ணியவர்களுள் சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லரும் ஒருவர். பின்னர் 1888-இல் அவரே, ஆரிய இரத்தம், ஆரியக் கண் என்று பேசும் இனவியலாளர், அகராதிக்கும் மண்டை வடிவம் உண்டென்பதுபோல ‘நீள்மண்டை அகராதி’ என்று பேசும் மொழியியலாளருக்கு நிகராகப் பிழை செய்கிறார் என்று எழுதினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பிரெஞ்சுக்காரரான கோபினோ 1850-களிலேயே ஆரியரை நாகரிகங்களைப் படைத்த உயர்ந்த இனமாக்கி எழுதியிருந்தார்.

நாஜிகள் 1933 ஏப்ரலில் ‘ஆரியர் அல்லாதோரை’ அரசுப் பணியிலிருந்து நீக்கச் சட்டம் இயற்றினர். ஆனால் ஓர் அலுவலர் ஆரியரா என்பதை எதை வைத்துக் கண்டறிவது? மண்டை அளவோ கண்ணின் நிறமோ அதற்கு உதவாது. எனவே, பெற்றோரிலோ பாட்டன் பாட்டியரிலோ ஒருவர் யூத மதத்தவராக இருந்தாலே அவர் ஆரியர் அல்லர் என்று விதி வகுத்தார்கள். தம் பாட்டியின் ஞானஸ்நானப் பதிவைத் தேடி மக்கள் தேவாலயங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. இரத்தத்தின் பெயரால் எழுதப்பட்ட சட்டத்துக்கு மதப் பதிவேடுதான் சான்றாக இருந்தது. வீட்டில் ஜெர்மன் மொழியையே பேசி வளர்ந்த யூதருக்கு அந்த மொழி எவ்விதப் பாதுகாப்பும் தரவில்லை.

என்னை மிகவும் வாட்டுவது, ஐரோப்பாவில் ‘ஜிப்சி’ என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களின் கதை. அவர்களுடைய ரோமானி மொழி இந்தியாவிலிருந்து சென்றது. யேக், துய், த்ரின் என்று எண்ணுகிறார்கள், தண்ணீரைப் ‘பாணி’ என்கிறார்கள். மொழிநூலின் கணக்கில், இந்தி, வங்காளி போல அதுவும் இந்தோ-ஆரிய மொழியே. இதை மறுக்க முடியாத நாஜி ஆய்வாளர் ராபர்ட் ரிட்டர், இவர்கள் முன்பு ஆரியராகத்தான் இருந்தார்கள், வழியில் கலந்து கெட்டுவிட்டார்கள் என்று வாதிட்டார். அவருடைய குழுவினர் ஊர் ஊராகச் சென்று வம்சாவளியை எழுதி, பெரும்பாலோரைக் ‘கலப்பினம்’ என்று வகைப்படுத்தினர். 1944 ஆகஸ்ட் 2-ஆம் நாள் இரவில், ஆஷ்விட்ஸ் முகாமின் ரோமா பிரிவில் எஞ்சியிருந்த 4,000-க்கும் மேற்பட்டோர் நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்.