ஒரே வீடு எடுக்கும் முன் கவுன்சில் டாக்ஸைப் பேசிவிடுங்கள்

எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து இந்த வருஷமும் சில பசங்க இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறார்கள். "நம்ம ஏரியா பசங்களே ஒண்ணா வீடு எடுத்துடலாம்ணா" என்கிறார்கள். தாராளமாக எடுங்கள். ஆனால் சாவி வாங்கும் முன் பணத்தைப் பேசிவிடுங்கள். அங்கே பாத்திரச் சண்டை மறுநாளே ஆறிவிடும், பில் சண்டை ஆறாது.

கோவென்ட்ரியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நாலு பேர். நாலு பேரும் முழுநேர மாணவர்களாக இருந்தவரை, அந்த ஊர் உள்ளாட்சி வீட்டுக்கு வாங்கும் வரியான கவுன்சில் டாக்ஸ் கிடையாது. ஒருவருக்குப் படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் பில் வந்தது. வருஷத்துக்கு 1,600 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மற்ற மூவரும் மாணவர்கள் என்பதால் 25 சதவீதம் தள்ளுபடி போக 1,200. வீட்டை மொத்தமாக ஒரே ஒப்பந்தத்தில் எடுத்திருந்ததால், சட்டப்படி அது முழுவதும் வேலைக்குப் போகிறவர் தலையில்தான். அவரோ, "ஒரே வீட்டுலதானே இருக்கோம், நாலாப் பிரிச்சுக்கலாம்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனாலும் என் ஓட்டு மாணவர்களுக்கே. பாடம் நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்க முடிகிறவனிடம், அவன் கட்டவே வேண்டாத வரியைக் கேட்பது சரியில்லை.

அடுத்து இன்னொருவரும் படிப்பை முடித்தால் தள்ளுபடி போய்விடும். 1,600-ஐ இருவரும் ஆளுக்கு 800 ஆகப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். இதில் கணக்கு பட்டமளிப்பு விழா தேதி இல்லை, படிப்பு முடியும் தேதி. பல்கலைக்கழகக் கடிதத்தில் இருக்கும். நாலு பேர் தேதியையும் முதல் நாளே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். வாடகையிலும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் சொல்லாமல் கிளம்பிவிட்டால், அவர் பங்கையும் சேர்த்து மிச்சமிருப்பவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் வீட்டுக்காரர் கேட்கலாம்.

நம்ம ஊர் ஒண்டுக்குடித்தனத்தில் மோட்டார் கரண்ட்டுக்குத் தலைக்கணக்கு போட்டு வாங்குவார்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. வெளிநாடு போனதும் காசு கேட்க ஏனோ கூச்சம் வந்துவிடுகிறது.

சுத்தத்தில் நான் கறாராக இருப்பது அடுப்புக்கு மேலே இருக்கும் எக்ஸாஸ்டில் மட்டும்தான். நம் தாளிப்பு எண்ணெய் அந்த ஃபில்டரில்தான் போய்ப் படியும். அப்படியே விட்டுக் காலி செய்தால் டெபாசிட்டில் பிடிப்பார்கள். மாசம் ஒருமுறை கழற்றிச் சுடுதண்ணீரில் பாத்திர சோப்பு போட்டு ஊறவைத்தால் போதும்.

நைட் ஷிஃப்ட் முடித்து ஒருவர் தூங்கும்போது குக்கர் விசில் வேண்டாம், அவ்வளவுதான்.

அப்புறம், சிங்க்கில் கிடக்கும் தட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அது யார் தட்டு என்று எல்லாருக்கும் தெரியும். அவரிடம் தனியாகச் சொன்னால் கழுவிவிட்டுப் போவார், நாலு பேர் முன்னால் என்றால் வீம்புக்குக் கழுவ மாட்டார். பணம் பேசுவதென்றால் சம்பளம் வந்த வாரத்தில் பேசுங்கள். மாசக் கடைசியில் யாரிடமும் பேச்சு எடுபடாது.