"எதுவும் மாறாது" என்று எழுதி அனுப்பியவர்களுக்கு

நான் வேலை செய்யும் நிதிக் கம்பனி இன்னொரு நிதிக் கம்பனியுடன் இணையப்போகிறது என்ற செய்தியை மட்டக்களப்புக் கிளையில் எங்களுக்கு முதலில் சொன்னவர், அடகு வட்டி கட்டுவதற்குக் களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த ஒரு அம்மா. "மனே, உங்கட கம்பனிய வித்துப்போட்டாங்களாமே, என்ட காப்பு பத்திரமா இருக்குமா?" என்று அவர் கேட்டபோது கவுன்டருக்குள் இருந்த ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

கம்பனி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. பங்கின் விலையைப் பாதிக்கக்கூடிய செய்தியைச் சந்தைக்கு அறிவிக்கும் முன்னர் கிளைகளில் சொல்லித் திரிய முடியாது என்பது எங்களுக்கும் விளங்கும். ஆனால் சந்தைக்கு அறிவித்த அதே மணித்தியாலத்தில் ஊழியர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்புவதை எந்தச் சட்டம் தடுத்தது? எங்களுக்கான கடிதம் பல நாட்கள் கழித்தே வந்தது, அதுவும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும். தமிழ்ப் பிரதியை இன்றுவரை காணவில்லை.

அந்தக் கடிதத்தின் இரண்டாம் பந்தியில் "உங்களுக்கு எதுவும் மாறாது" என்று இருக்கிறது. திருகோணமலை வீதியில் எங்கள் கிளை வாசலில் நின்றால் இணையப்போகும் மற்றக் கம்பனியின் பெயர்ப்பலகை தெரியும். ஒரே வீதியில் ஒரே கம்பனிக்கு இரண்டு கிளைகள், இரண்டு முகாமையாளர்கள், இரண்டு அடகுப் பெட்டகங்கள் எவ்வளவு காலம் இருக்கும் என்பது வாசலில் நிற்கும் காவலாளி அண்ணனுக்கே தெரியும். எங்களை ஆறுதல்படுத்த எழுதப்பட்ட அந்த ஒரு வசனமே முழுக் கடிதத்தையும் நம்ப முடியாததாக ஆக்கிவிட்டது. உண்மையிலேயே மாறாத விடயங்களைக்கூட இப்போது யாரும் நம்பத் தயாராக இல்லை.

மாறாதவை இல்லாமலும் இல்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் இரண்டு கம்பனிகள் ஒன்றாக இணைக்கப்பட்டால், பழைய கம்பனியின் பொறுப்புகள் இணைந்த கம்பனியைச் சேரும். மத்திய வங்கியிலுள்ள எங்கள் ஊழியர் சேமலாப நிதி மீதி எங்கும் போய்விடாது. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் எங்களை வேலையை விட்டு நிறுத்துவதென்றால், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எங்கள் எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். இவற்றைத் தெளிவாக எழுதியிருந்தாலே பாதிப் பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

அதற்குப் பதிலாக, "புதிய நியமனக் கடிதங்கள் உரிய காலத்தில் வழங்கப்படும்" என்று போகிற போக்கில் ஒரு வரி. எழுதியவருக்கு அது வெறும் நிருவாக வரியாக இருந்திருக்கலாம். எங்கள் லீசிங் பிரிவில் இருக்கும் தம்பிக்கு அப்படியில்லை. அவர் சேர்ந்து நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன, ஐந்து இன்னும் நிறையவில்லை. பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து ஆண்டுகள் நிறைந்தால்தான் அவருக்கு அந்த உரிமை வரும். நிறைந்தால், சேவை செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம். அறுபதாயிரம் சம்பளக்காரருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய். பழைய வேலையிலிருந்து விலகுவதாக ஒரு தாளில் ஒப்பம் வாங்கிக்கொண்டு, புதிய திகதியிட்ட நியமனக் கடிதம் கொடுத்தால் அவருடைய சேவைக்காலம் என்னவாகும்? "உங்கள் சேவை, முதல் சேர்ந்த திகதியிலிருந்து தொடர்ச்சியாகவே கணக்கிடப்படும், யாரும் விலகல் கடிதம் கொடுக்கத் தேவையில்லை" என்று எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத மனிதவளப் பிரிவில் ஒருவருக்கும் கை வரவில்லை.

மாறப்போவதையும் மறைக்காமல் எழுதுங்கள். பெயர்ப்பலகையும் கணினி முறைமையும் மாறும், லீசிங் இலக்குக்கான கொடுப்பனவு முறை மாறக்கூடும், ஒரே நகரில் இரண்டு கிளைகள் உள்ள இடங்களில் ஒன்று மூடப்படலாம், மூடுவதற்கு மத்திய வங்கியின் அனுமதி வேண்டும், எது என்று இன்னும் முடிவாகவில்லை என்று எழுதினால் நாங்கள் நொறுங்கிப்போக மாட்டோம். அம்பாறைக்கோ பொலன்னறுவைக்கோ இடமாற்றம் வரும் என்றால், பிள்ளையின் பாடசாலை அனுமதியைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டியவர்கள் எங்கள் கிளையில் இருக்கிறார்கள்.

"மேலதிக விபரங்கள் விரைவில்" என்ற கடைசி வரியையும் திருப்பி எடுங்கள். அடுத்த அறிவித்தல் எந்தத் திகதியில் என்று எழுதுங்கள். அன்றைக்குச் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டால், "கிளைகள் பற்றி இன்னும் முடிவில்லை, அடுத்தது இன்ன திகதியில்" என்று இரண்டு வரி அனுப்புங்கள், தமிழிலும். அதுவரை கவுன்டரில் கேட்பவர்களுக்கு நாங்கள் என்ன சொல்வது என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். நகை அடகு வைத்தவர்கள் தலைமை அலுவலகத்துக்கு வருவதில்லை, எங்களிடம்தான் வருகிறார்கள்.