கையிருப்பு 5 லட்சம் என்றதும் கைதட்டாதீர்கள்

குடியிருப்போர் சங்க ஆண்டுக் கூட்டங்களில் பொருளாளர் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தொடக்க இருப்பு 4 லட்சம், வரவு 12, செலவு 11, இறுதி இருப்பு 5 லட்சம், நன்றி. கூட்டம் கைதட்டும். பின்வரிசையிலிருந்து ஒருவர், "இவ்வளவு பணம் இருக்கே, பராமரிப்புக் கட்டணத்தைக் குறைக்கலாமே?" என்பார். கேட்டவர் மேல் தப்பில்லை, சொன்ன விதம் அப்படி.

அந்த 5 லட்சத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அதில் 2 லட்சம் பெயின்ட் அடிக்க என்று தனியாக வசூலித்தது. ஒன்றரை லட்சம், சில வீட்டுக்காரர்கள் அடுத்த வருடக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டியது. லிஃப்ட் பராமரிப்பு பில் 1 லட்சம் கடைசி மாதம் வந்திருக்கிறது, இன்னும் கட்டவில்லை. மிச்சம் 50 ஆயிரம். மோட்டார் ஒருமுறை எரிந்தால் அதுவும் போச்சு.

வங்கிக் கணக்கும் பேச்சும் அச்சு அசலாகப் பொருந்தும், ஆனாலும் உறுப்பினர்கள் தப்பான எண்ணத்தோடு வீட்டுக்குப் போவார்கள். பணம் வந்த தேதியையும் போன தேதியையும் வைத்து மட்டும் எழுதும் கணக்கில் இது எப்போதும் நடக்கும். அதனால் இறுதி இருப்பைச் சொன்ன கையோடு, "இதில் நாம் இஷ்டப்படி செலவழிக்கக்கூடியது 50 ஆயிரம்தான்" என்று சொல்லிவிட வேண்டும். என்னைக் கேட்டால் மொத்தப் பேச்சிலும் முக்கியமான வரி அதுதான்.

அப்புறம் நிலுவை. 1 லட்சத்து 20 ஆயிரம் வரவேண்டியிருக்கிறது என்றால், வந்து சேரும்வரை அதை இருப்போடு கூட்டக் கூடாது. எத்தனை வீடு, எத்தனை மாதமாக என்று சொன்னால் போதும். மேடையில் பெயரைப் படித்தால் மீதிக் கூட்டம் சண்டையில் முடியும்.

செயல்பாடுகளைப் பொறுத்தவரை விழா, கூட்டம், குத்துவிளக்கு எல்லாம் ஒரு வரியில் முடியட்டும். திட்டமிட்டதைவிட அதிகமாகச் செலவான இடத்தில் மட்டும் நின்று பேசுங்கள். மோட்டாருக்கு 60 ஆயிரம் ஒதுக்கி, 1 லட்சத்து 10 ஆயிரம் ஆகியிருந்தால், "இரண்டு முறை காயில் கட்டினோம், மூன்றாவது முறை எரிந்ததும் புதிதே வாங்கிவிட்டோம்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதே விஷயத்தை யாராவது எழுந்து கேட்ட பிறகு சொன்னால், மழுப்புகிற மாதிரிதான் தெரியும்.

இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் போதும், ஆனால் கணக்குத் தாள் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே எல்லார் கைக்கும் போயிருக்க வேண்டும். அன்று காலையில் நீட்டினால் யாரும் படிப்பதில்லை, பொருளாளர்தான் ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு நிற்பார்.