எடை குறைவு, டாப்ளர் நார்மல்

"34 வாரம், 1.9 கிலோ, பத்தாவது சென்டைலுக்குக் கீழே. டாப்ளர் நார்மல். பயப்படணுமா?"

சகோதரி, பல வருடமாக ஸ்கேன் பார்க்கிறவள் நான். பத்தாவது சென்டைலுக்குக் கீழே என்றால், அதே வாரத்தில் இருக்கும் நூறு குழந்தைகளில் எடை மிகக் குறைந்த பத்தில் ஒன்று. ஆனால் 1.9 கிலோ தராசில் நிறுத்த எடை இல்லை. தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு. 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். அதனால் டாப்ளர் காட்டும் தொப்புள்கொடி ரத்த ஓட்டம்தான் எனக்கு முக்கியம். திரையில் மலை மலையாக அலை வரும். இரண்டு மலைக்கு நடுவில், குழந்தையின் இதயம் தளரும் நொடியிலும், ரத்தம் நஞ்சுக்கொடிக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உங்களுக்கு ஓடுகிறது, நல்ல செய்தி. அந்த இடம் வெறுமையாக இருந்தாலோ, ரத்தம் திரும்பி வந்தாலோ அட்மிட் ஆகச் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் இந்த மாதத்தில் அது மட்டும் போதாது. நஞ்சுக்கொடி லேசாகத் தளர்ந்தால், தொப்புள்கொடி நார்மலாக இருக்கும்போதே குழந்தை மூளைக்குக் கூடுதல் ரத்தத்தைத் திருப்பிவிடும். அப்போது ரிப்போர்ட்டில் எம்சிஏ என்ற மூளை ரத்தக் குழாயின் வரியில், ரத்த ஓட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டும் பிஐ எண் குறையும். அந்த வரி ரிப்போர்ட்டில் இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். டாப்ளரை வாராவாரம்கூடப் பார்க்கலாம். எடையை இரண்டு வாரம் கழித்துத்தான் ஒப்பிட முடியும்; அதற்குள் பார்த்தால் வளர்ச்சியா, அளவுப் பிழையா என்று தெரியாது. அசைவு குறைந்தால் மட்டும் அடுத்த ஸ்கேனுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே போய்விடுங்கள்.