டப்பாவில் பால் ஓடுகிறது, உள்ளே பாமாயில்

நேற்று ராத்திரி மறுபடியும் ஏமாந்தேன். அக்கா பையனுக்குப் பிறந்தநாள். ஐஸ்கிரீம் என்று நினைத்து ஒரு லிட்டர் வெனிலா டப்பா வாங்கிப் போனேன். முதல் கரண்டியிலேயே அக்கா கேட்டாள்: "ஏன்டா, மேலண்ணத்துல ஏதோ ஒட்டுதே, எண்ணெய் மாதிரி?"

டப்பாவைக் கையில் எடுத்தேன். மூடியில் வெள்ளை வெள்ளையாகப் பால் ஊற்றுகிற படம். அதன் கீழே கொட்டை எழுத்தில் வெனிலா. அதற்கும் கீழே 'க்ரீமி'. சரி, இது என்ன பண்டம் என்று எங்கே எழுதியிருக்கிறது? பக்கவாட்டில் தேடினேன், இல்லை. இன்னொரு பக்கம் சமையல் குறிப்பு. டப்பா முழுக்கப் பனி படிந்திருந்தது. கட்டை விரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்தால், அடி விளிம்பை ஒட்டி, சந்தன நிறத்தின் மேல் வெள்ளை எழுத்தில், எறும்பு அளவில்: ஃப்ரோஸன் டெசர்ட். ஐஸ்கிரீம் என்ற சொல் அந்த டப்பாவில் எங்குமே இல்லை. கடையில் ஐஸ்கிரீம் பெட்டியிலிருந்துதான் எடுத்தேன், ஐஸ்கிரீம் என்றுதான் பில் போட்டார்கள்!

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஐஸ்கிரீம் என்று பெயர் போட்டால் அதில் இருக்கும் கொழுப்பு பால் கொழுப்பாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் குறைந்தது 10 சதவீதம். 'மீடியம் ஃபேட்', 'லோ ஃபேட்' என்று போட்டால் அளவு குறையலாம், ஆனால் அப்போதும் பால் கொழுப்புதான். ஃப்ரோஸன் டெசர்ட் என்றால் அந்தக் கொழுப்பை முழுக்கவோ பாதியோ தாவர எண்ணெயாக மாற்றிக்கொள்ளலாம். அது சட்டப்படி சரிதான், அதில் விஷமும் இல்லை. ஆனால் பால் படம் போட்டு அதை என் கையில் திணிப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

உட்பொருள் பட்டியலைப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது. எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும். முதலில் தண்ணீர். அப்புறம் சர்க்கரை. அப்புறம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர். அடுத்தது, தாவர எண்ணெய், அடைப்புக்குறிக்குள் பாமாயில். பாலில் இருந்த வெண்ணெயை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பவுடராக்கி, வெண்ணெய் இருந்த இடத்தில் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். பால் பவுடர் இருப்பதால் பால் படமும் பொய் இல்லையாம்! 'மில்க் சாலிட்ஸ்' என்ற சொல்லைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அது ஐஸ்கிரீம், ஃப்ரோஸன் டெசர்ட் இரண்டிலும் வரும். பச்சைப் புள்ளியும் இரண்டிலும் வரும். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: கொழுப்பு எங்கிருந்து வருகிறது. ஃப்ரோஸன் டெசர்ட்டில் தாவர எண்ணெய் போட்டிருந்தால் அதை லேபிளில் அறிவித்தே ஆக வேண்டும். அந்த வரியைத் தேடுங்கள்.

நாக்கை நம்ப முடியாதா என்று கேட்பீர்கள். முழுக்க நம்ப முடியாது. பால் கொழுப்பு வாய்ச் சூட்டிலேயே ஏறக்குறைய உருகிவிடும். அதைவிட அதிகச் சூட்டில் உருகும் கெட்டியான தாவரக் கொழுப்பு அண்ணத்தில் படலமாகத் தங்கிவிடும். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அதில் செய்தால் எந்த நாக்குக்கும் படலம் தெரியாது.

கோன், சாக்லேட் குச்சி வாங்குகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. மேலே இருக்கும் சாக்லேட் பூச்சில் பெரும்பாலும் தாவரக் கொழுப்பு இருக்கும். அதைப் பார்த்து நல்ல ஐஸ்கிரீமைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் பூச்சுக்கான பட்டியலில் இருக்கிறதா, உள்ளே இருக்கும் பண்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்துப் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே நிறுவனம், ஒரே நிறம், ஒரே எழுத்து, ஆனால் கப் ஐஸ்கிரீமாகவும் கோன் ஃப்ரோஸன் டெசர்ட்டாகவும் இருக்கலாம். பிராண்டை நம்பி எடுக்கிற பழக்கத்தை நான் நேற்றோடு விட்டேன்.

இவ்வளவையும் பனி துடைத்தபடி படித்து முடிப்பதற்குள் பையன் மூன்று கிண்ணம் சாப்பிட்டு முடித்திருந்தான். "மாமா, இன்னும் இருக்கா?" என்றான். என்ன செய்வது, சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தாள்.

அது போகட்டும். ஒரு லிட்டர் என்று போட்டிருக்கிறார்களே, எத்தனை கிராம்? லிட்டருக்கு 525 கிராம் இருந்தாலே விதிப்படி போதும். மிச்சமெல்லாம் அடித்து ஏற்றிய காற்று! நெய்யை, வெண்ணெயைக் கிராமில் விற்க முடிகிறதே, இதை மட்டும் ஏன் லிட்டரில் அளக்கிறீர்கள்?